சனிக்கிழமை லோரிக்கு முன் எழுதிய கடிதம்

என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வராது. ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால் மூன்று பேரிடமும் "கண்டிப்பா வந்துடுறோம்" என்பார். பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்து, மூன்று பேரும் என்ன நினைப்பார்களோ என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடப்பார். நல்ல மனுஷர். அந்த நல்ல குணத்தால் நான் ஏறக்குறைய தாலியறுத்திருப்பேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலத்தின் நடு வருஷங்கள் அவை. மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் இரண்டாவது கிராணி. செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவு எழுதுவது, அரிசிப் பங்கீட்டுக் கணக்கு, துரைக்கு வரும் கடிதங்களைப் பிரித்து வைப்பது, இதுதான் வேலை. எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள தோட்டத்து வீடு. எனக்கு அப்போது ஐந்தாம் மாசம், முதல் பிள்ளை. ஒரு நாள் பெரிய துரை அவரை உள்ளே கூப்பிட்டு, ஜாசின் டவுனுக்கு அப்பால் உள்ளே தள்ளி இருக்கும் இன்னொரு தோட்டத்துக்குப் பெரிய கிராணியாகப் போகச் சொன்னார். அதுவும் இதே கம்பெனித் தோட்டம்தான், இதே துரைதான் இரண்டுக்கும் மேல். பெரிய வீடு, கூடுதல் சம்பளம், கைக்குக் கீழே இரண்டு பேர். வேறு காலமாக இருந்தால் நான் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பேன்.

அந்த வேலை எப்படிக் காலியானது என்று மலாக்கா முழுக்கத் தெரியும். அங்கே இருந்த பெரிய கிராணியை, விடிகாலையில் வேலையாட்கள் வரிசை நிற்கும் பெரட்டுக்கு ஆள் எண்ணப் போகும் வழியில், வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசி கேட்டார்களாம், இவர் மறுத்தாராம். இல்லை, ஒரு தடவை கொடுத்துவிட்டு மறுதடவை மறுத்தாராம். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையிலும் அவர் செத்துத்தான் போனார். அரிசிச் சாவி பெரிய கிராணியின் இடுப்பில்தான் இருக்கும். கொடுத்தால் போலீஸ், கொடுக்காவிட்டால் காடு. அந்தச் சாவியைத்தான் துரை என் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வாகக் கொடுக்கப் பார்த்தார்.

துரை கேட்டபோது இவர் என்ன சொன்னார் தெரியுமா? "யோசிச்சு எழுதித் தர்றேன், சார்" என்றாராம். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"போறதா இல்லதானே?" என்றேன்.

"போக முடியுமா? உனக்குத் தெரியாதா?"

"அப்ப போகலேன்னு எழுதிடுங்க."

"துரைகிட்ட எப்படி அப்படி எழுதறது?"

இந்த இடத்தில் நான் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அவரைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன். "அப்ப முகத்துல அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்லாதீங்க. நான் முழுகாம இருக்கேன்னு எழுதுங்க. உங்கம்மாவுக்கு முடியலேன்னு எழுதுங்க. அந்த வீட்டுக் கூரை ஒழுகுதாம், அதையும் சேர்த்துக்குங்க. அவரே புரிஞ்சுக்குவார்" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்களவர்கள் பழக்கம் அது. பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்காவிட்டால் ஜாதகம் சேரவில்லை என்போம். விருந்துக்குப் போகப் பிடிக்காவிட்டால் தலைவலி என்போம். கேட்டவர்களும் நம் ஆட்கள் என்பதால், ஜாதகமும் தலைவலியும் எதைச் சொல்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். மரியாதையாக எழுந்து போய்விடுவார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கு அது தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் ஆபீசில் கிடந்த அரைத்தாள் ஒன்றில் பென்சிலால் இங்கிலீஷில் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படித்தான் இருந்தது:

"சார், நீங்கள் சொன்ன விஷயமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரொம்பப் பெரிய உதவி. ஆனால் என் மனைவி ஐந்து மாதம். என் தாயார் தங்கா பத்துவில் அண்ணன் வீட்டில் இருக்கிறார், நெஞ்சில் சளி, தூரமாகப் போனால் பார்க்க முடியாது. அந்த வீட்டுக் கூரையும் சரியில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் தற்போதைக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் இஷ்டம் எப்படியோ அப்படி."

கடைசி வரியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவராகச் சேர்த்தது.

பதில் பத்து நாளில் வந்தது. டைப் அடித்த, கையெழுத்துப் போட்ட, நல்ல கடிதம். இன்றைக்கும் அந்தத் துரையைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தில் குழந்தை வரப்போவது பற்றித் தனக்குச் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வாரம் ஒரு முறை வந்து என்னைப் பார்ப்பார், மாசம் நெருங்கினால் கார் அனுப்பி மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். தாயாரையும் கூட அழைத்துக்கொள்ளலாம், அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு அறை இருக்கிறது. கூரைக்குப் புதுத் தகரம் போட ஆள் அனுப்பியாயிற்று. அவகாசம் வேண்டும் என்பது நியாயம், அதனால் உடனே வேண்டாம், மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை சாமான் ஏற்ற லோரி வரும். கூடவே காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர்.

நாங்கள் சொன்ன ஒவ்வொரு சாக்கையும் அவர் எடுத்துச் சரிசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் மறுத்தோம் என்று அவர் நினைக்கவே இல்லை. வசதி கேட்கிறோம் என்று நினைத்தார்.

அந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்கள். "இவ்வளவு செஞ்சிட்டாரே. இனிமே எப்படி வரலேன்னு சொல்றது?"

"அதுக்காகச் சாகப் போறீங்களா?"

"எல்லாருமா சாகறாங்க? காவலுக்கு ஆள் இருக்கில்ல."

"போன ஆளுக்கும் காவல் இருந்துச்சு."

நான் சமையற்கட்டுக்குப் போய் உலையில் அரிசி போட்டேன். பாதி அரிசி அடுப்பங்கரையில் கொட்டியது. அளந்து கொடுக்கும் அரிசி. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், பொறுக்கிக்கொண்டே அழுதேன். என்னுடைய புத்திசாலித்தனத்தால் அவர் சாகப்போகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் யாரும் உயிரோடு இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்ப்பார். மறுத்தால் இந்த வேலையும் போகும், வேலை போனால் வீடும் போகும், வயிற்றுப்பிள்ளையோடு உன்னை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்பார். அந்தப் பயத்தையும் நான் குறைசொல்ல முடியாது. வீடு தோட்டத்துடையது. துரை ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டில்தான் நிற்க வேண்டும். ஆனால் ரோட்டில் நிற்பதற்கு இரண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டுமே. அதை நூறு தடவை சொன்னேன். நூறு தடவையும் தலையாட்டினார்.

கடைசியில் நானே எழுதுவது என்று உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மலாக்கா டவுனில் ஒரு யாழ்ப்பாணத்து லாயர் ஆபீசில் மூன்று வருஷம் டைப் அடித்தவள் நான். மறுப்புக் கடிதம் மட்டும் எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. கேஸ் எடுக்க முடியாது, சமாதானத்துக்கு ஒப்ப முடியாது, வேலை காலியில்லை. அந்தக் கடிதங்களில் ஒன்றில்கூட யாருக்கும் தலைவலி இருந்ததில்லை. எங்கள் லாயர் மறுப்பை முதல் பாராவிலேயே வைத்துவிடுவார். காரணத்தை ஒரு வரிக்கு மேல் நீட்ட மாட்டார். அத்தனை கடிதம் அடித்தும், எனக்கென்று ஒன்று எழுத வந்தபோது கூரை ஒழுகுகிறது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

முதலில் எழுதியது சரியாக வரவில்லை. ஆத்திரத்தில் எழுதியது. "தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் அளிக்கும் வேலையை ஏற்க இயலாது" என்று இரண்டே வரி. வாசித்துவிட்டு என் வீட்டுக்காரர் வெளுத்துப்போனார். "இது என்ன, துரைக்கு வக்கீல் நோட்டீசா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புதுத் தகரம் போட்டவருக்கு அப்படி எழுதக்கூடாது.

இரண்டாவது அதற்கு நேர்மாறு. ஒரு பக்கத்தில் நான்கு தடவை "வருந்துகிறேன்". அந்த வருத்தத்தைப் படிப்பவர், பாவம் இந்தப் பையனுக்கு வர ஆசைதான், இன்னும் ஏதோ தடை இருக்கிறது, அதையும் நீக்கிவிடுவோம் என்று யானையைக்கூட அனுப்புவார். கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதுக்கு இரண்டு நாள் ஆனது. முதல் கடிதத்தில் சொன்ன சாக்குகளை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடு. அவற்றைப் பற்றிப் பேசாமல் விட்டால் அவர் செய்த உதவியெல்லாம் அந்தரத்தில் நிற்கும். புதுச் சாக்கு சொன்னால் அதற்கும் ஒரு லோரி வரும். கடைசியில் உள்ளதை ஒத்துக்கொண்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"ஐயா, பெரிய கிராணி பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கும், எங்கள் குடும்பத்தின் வசதிக்காகத் தாங்கள் செய்த ஏற்பாடுகளுக்கும் மனமார்ந்த நன்றி. நன்றாக யோசித்த பின், இப்பதவியை நான் ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

"என் முந்தைய குறிப்பில் சில சிரமங்களைச் சொல்லியிருந்தேன். தாங்கள் பெருந்தன்மையோடு அவை எல்லாவற்றையும் தீர்த்துவைத்தீர்கள். என் முடிவு அவற்றைப் பொறுத்தது அல்ல; அதை அப்போதே தெளிவாகச் சொல்லாதது என் தவறு, அதற்கு மன்னிக்க வேண்டும். குடும்பஸ்தனாக அந்த இடத்தில் பணியாற்ற எனக்கு விருப்பமில்லை. எந்த ஏற்பாட்டினாலும் இது மாறாது. ஆகவே சனிக்கிழமை லோரி அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"இப்போதுள்ள வேலையில் தங்களிடம் தொடர்ந்து பணியாற்றுவதை நான் பெருமையாகக் கருதுகிறேன். அப்பதவிக்கு வருபவருக்குக் கணக்குகள் பற்றி எந்த உதவி வேண்டுமானாலும் இங்கிருந்தபடியே செய்து தருவேன்."

அவ்வளவுதான். "தற்போதைக்கு" இல்லை. "கஷ்டமாக இருக்குமோ" இல்லை. உங்கள் இஷ்டம் எப்படியோ என்பது நிச்சயமாக இல்லை.

தோட்டத்து ஆபீஸ் மிஷினில் இதை அடிக்க முடியாது, அடிக்கும்போதே பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி மலாக்காவுக்குப் போனேன். வழியில் தடுப்புச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, யாராவது காட்டுக்கு உணவு கடத்துகிறார்களா என்று சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்கும் அம்மாள் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையில் இருந்த தாளை எடுத்து உதறினாள். "என்ன இது?" என்றாள். "எங்க வீட்டுக்காரர் வேலை வேணாம்னு எழுதற காயிதம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "குடுத்து வெச்சவ லா நீ, என் வீட்டுக்காரருக்கு வேலையே கெடைக்கல" என்று தாளை மடித்துக் கொடுத்தாள். அன்று முழுக்க அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

பழைய ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் மிஷின் கொடுத்தார்கள். கார்பன் வைத்து ஒரு பிரதியும் எடுத்தேன். விரல் எதையும் மறக்கவில்லை. ஒரு பிழை விழவில்லை.

அன்று சாயங்காலம் கடிதத்தை அவர் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தேன். வாசித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுபடி வாசித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். "காலையில போடறேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காலையில் அவர் குளிக்கப் போனபோது சட்டைப் பையைப் பார்த்தேன். கையெழுத்து இல்லை. நான் அடித்த கடைசி வரிக்குக் கீழே, அவருடைய குண்டு எழுத்தில் மையால் ஒரு வரி இருந்தது: "ஆயினும் தங்களுக்கு வேறு வழியில்லை என்றால், மறுபடி யோசிக்கத் தயாராக இருக்கிறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளை அப்படியே அடுப்பில் போட்டேன். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அது எரிந்துகொண்டிருந்தது.

"என்ன பண்ற நீ?"

"உங்களக் கொளுத்துறதுக்குப் பதிலா இதக் கொளுத்துறேன்."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. வாய்தான். அவர் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். எனக்குக் கையில் இருந்தது கார்பன் பிரதி ஒன்றுதான். சனிக்கிழமைக்கு மூன்று நாள். நான் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். என்னால் முடிந்ததெல்லாம் செய்து தீர்ந்துவிட்டது. என் புருஷன் மரியாதைக்காகச் செத்துப்போவார், அதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. பிள்ளை உள்ளே உதைத்தது.

அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அப்போதுதான் வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இரண்டு பஸ் மாறி வந்ததில் முகம் கறுத்திருந்தது. யார் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. செத்துப்போன பெரிய கிராணியின் மனைவி.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குழந்தைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் தானும் குடித்தார். "ஒங்களுக்குத் தொந்தரவு குடுக்க வரல, தங்கச்சி" என்று ஆரம்பித்தார். "ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க சனிக்கெழம வர்றீங்களா, இல்லியா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார்.

"துரை சொல்லிட்டாங்க, புது கிராணி வர்ற வரைக்கும் அந்த வீட்டுல இருக்கலாம்னு. நீங்க எறங்குற அதே லோரில எங்க சாமான ஏத்தணும். மொதல்ல நீங்க ஒடனே வர்றீங்கன்னாங்க, மூட்டை கட்டினேன். அப்பறம் இப்ப இல்லேன்னாங்க, அவுத்தேன். தகரம் மாத்த வந்தாங்க, தூங்குற புள்ளைங்கள எழுப்பி வெளிய நிப்பாட்டினேன். இப்ப திரும்பக் கட்டி வெச்சிருக்கேன். சீரம்பான்ல என் தம்பி இருக்கான், போகணும்னா போயிடுவேன். பெரியவ ஜாசின் ஸ்கூல்ல படிக்கிறா, வருஷக் கடைசில பரீட்ச. நீங்க வரலேன்னா அது முடியற வரைக்கும் இருந்துக்கலாமான்னு துரைகிட்ட கேப்பேன். வர்றீங்கன்னா இன்னிக்கே அவ பேர ஸ்கூல்ல எடுக்கணும். எதுவா இருந்தாலும் சரி. நான் ஒங்கள வரவேணாம்னு சொல்ல வரல. ஒண்ண மட்டும் சொல்லிடுங்க, தம்பி."

கடைசிச் சொல் என் வீட்டுக்காரரைப் பார்த்து. துரையின் மனம் நோகக்கூடாதே என்று அவர் ஒரு மாதமாகப் புழுங்கியதெல்லாம், இந்த அம்மாள் மூட்டையைக் கட்டி அவிழ்த்ததில் போய் விழுந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இப்படி ஒருத்தர் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பது நினைவிலேயே வரவில்லை. கூரை ஒழுகுகிறது என்று எழுதினோமே, யார் தலையில் ஒழுகுகிறது என்று யோசித்தோமா?

அவர் எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து, "நாங்க வரலக்கா" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். "நிச்சயமாவா?"

"நிச்சயமா. இன்னிக்கே துரைகிட்ட எழுதிக் குடுத்துடுறேன்."

பிறகு என்னிடம் திரும்பி, "கார்பன் எங்க?" என்றார். அதை முன்னால் வைத்து, நல்ல தாளில், தன் கையாலேயே வரிக்கு வரி பார்த்து எழுதினார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே ஆபீசுக்கு நடந்தார்.

அவர் திரும்பி வரும் வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து, எதை முதலில் பெட்டியில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் வந்ததும் அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

துரை நின்றபடியே கடிதத்தை இரண்டு முறை வாசித்தாராம். "உன் மனசை மாற்ற நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாராம். கடிதத்தில் எழுதுவது வேறு, நேரில் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது வேறு. இவருக்கு முதுகெல்லாம் வேர்த்ததாம்.

"என்னதான் சொன்னீங்க?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார், ரொம்ப நன்றி சார்னேன். அதுக்கப்புறம் வாயத் திறக்கல. ரொம்ப நேரம் சும்மா நின்னேன்."

அந்தச் சும்மா நின்றதுதான் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய வீரம் என்பேன். துரை கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "இதை முதல் நாளே எழுதியிருக்கலாமே, நான் வேறு யாரையும் தேடவே இல்லை" என்றாராம். கோபமாகவா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

சனிக்கிழமை லோரி வரவில்லை. ஆனாலும் காலை முழுக்க ரோட்டில் எந்த லோரி சத்தம் கேட்டாலும் நான் வாசலுக்கு ஓடினேன். திங்கட்கிழமை இரண்டு வரியில் துரையின் பதில் வந்தது. முடிவை ஏற்றுக்கொள்வதாகவும், தெளிவாகச் சொன்னதற்கு நன்றி என்றும் இருந்தது. வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை. போனது மேலே ஏறும் வழி மட்டும்தான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர் இரண்டாவது கிராணியாகவே இருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். அதற்காக அவர் என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சில நாள் சொல்லியிருக்கலாமே என்றுகூட எனக்கு இருக்கும்.

அந்த உள் தோட்டத்துக்கு ஆளே கிடைக்கவில்லை. ஜாசினில் தங்கியிருந்து, பகலில் மட்டும் காவலோடு போய்த் திரும்புகிற ஒரு கிராணியை வைத்தார்கள். அதனால் வீட்டைக் காலி செய்யத் தேவையே வரவில்லை. அந்த அம்மாள் பரீட்சை முடியும் வரை அங்கேயே இருந்தார்.

வருஷக் கடைசியில் அவர் சீரம்பானுக்குப் புறப்படுவதாகச் செய்தி சொல்லியனுப்பினார். நானும் என் வீட்டுக்காரரும் ஜாசின் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். என் மகள் பிறந்து ஒரு மாசம்கூட முழுதாக ஆகவில்லை. அந்த அம்மாளோடு மூன்று பிள்ளைகள், இரண்டு தகரப்பெட்டி, ஒரு பாய்ச்சுருள். என் வீட்டுக்காரர் பெட்டிகளைப் பஸ்ஸின் மேலே ஏற்றக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் அந்தத் தோட்டத்துக்குப் போக இஷ்டமில்ல, தெரியுமா" என்றார். "பயந்தாரு. என்ன எழுதறதுன்னு என்னயத்தான் கேட்டாரு. நாந்தான் தங்கச்சி சொன்னேன், துரைகிட்ட மாட்டேன்னு சொல்லாதீங்க, நான் வாயும் வயிறுமா இருக்கேன்னு எழுதுங்க, அவங்களே புரிஞ்சுக்குவாங்கன்னு. டிரஸ்ஸர அனுப்பறேன்னு பதில் வந்திச்சு. இவ்வளவு செய்றாங்களே, எப்படிப் போகாம இருக்கறதுன்னாரு. மூட்ட நாந்தான் கட்டுனேன்."

அவர் அழவில்லை. அழுது முடித்தவர் மாதிரி, சாதாரணமாகச் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன் அக்கா, சொல்லுக்குச் சொல் அதையேதான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. நான் சொன்னதற்குப் பிறகும் என் புருஷன் உயிரோடு எதிரே நின்று பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். இன்றுவரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

பஸ் கிளம்பியது. என் மகளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்னமோ சொன்னாங்களே, என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல, புள்ள நல்லா இருக்குன்னாங்க" என்றேன்.